6203 பேரிங்குக்கு மினிமம், மேக்சிமம் போட்டாச்சு; ஓனர் ஒத்துக்க மாட்டேங்கிறார்

பம்ப்செட்_ஸ்டோர்ஸ்

வணக்கங்க. கோயம்புத்தூர்ல சின்ன மோனோபிளாக் பம்ப் யூனிட். ஸ்டோர்ஸும் பர்ச்சேஸும் என் பொறுப்பு. 6203 பேரிங்குக்கு மட்டும் முதல்ல லெவல் போட்டுப் பார்க்கலாம்னு ஒரு வருஷ பின் கார்டை எடுத்தேன். ஒரு மோட்டாருக்கு ரெண்டு பேரிங்.

வாரத்துக்குச் சாதாரணமா 400 போகுது. அதிகபட்சம் 560, குறைஞ்சது 240. சரக்கு வர சாதாரணமா 3 வாரம், சீக்கிரம் வந்தா 2, இழுத்தா 5. ஒரு தடவைக்கு 2000 வாங்குறோம்.

ரீஆர்டர் லெவல்: 560 × 5 = 2800
மினிமம்: 2800 − (400 × 3) = 1600
மேக்சிமம்: 2800 + 2000 − (240 × 2) = 4320

ஓனர் ரெண்டு கேள்வி கேட்கிறார். 1600 எப்பவும் சும்மா கிடக்கணுமா? அப்படியே கிடந்தாலும், அந்த 1600 வந்த பிறகு ஆர்டர் போட்டா போதாதா, எதுக்கு 2800-லயே போடணும்? எனக்குப் பதில் தெரியுது, ஆனா அவர் ஒத்துக்கிற மாதிரி சொல்லத் தெரியலைங்க.

லெட்ஜர்

ஓனரின் இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது. 1600-இல் ஆர்டர் போட்டால், வாரம் 400 வீதம் 4 வாரம் தாங்கும். மூன்று வாரத்தில் சரக்கு வந்தால் தப்பித்தீர்கள். ஆனால் அந்த நேரம் பார்த்து உற்பத்தி 560-க்கு ஏறினால் 1600 மூன்று வாரம்கூட வராது. சரக்கு சரியான நேரத்துக்கு வந்தாலும் லைன் நிற்கும். மினிமம் என்பது ஆர்டர் போடும் இடமல்ல.

ஆனால் உங்கள் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. பஃபர் ஸ்டாக்கைத் தனியாகச் சேர்க்கவில்லை. இரண்டு வாரத்து உபயோகம், அதாவது 800-ஐ பஃபராக வைத்து ரீஆர்டர் லெவலை 3600 ஆக்குங்கள். அப்போதுதான் பாதுகாப்பு.

சிங்காநல்லூரான்

லெட்ஜர் சாரின் முதல் பத்தி சரி. இரண்டாவது பத்தியில் ஒரே பஃபரை இரண்டு தடவை சேர்க்கிறார்.

560 × 5 என்று பெருக்கும்போதே பஃபர் உள்ளே வந்துவிட்டது. சாதாரண நிலையில் 3 வாரத்துக்கு 1200 போதும். நீங்கள் 2800-இல் ஆர்டர் போடுகிறீர்கள். வித்தியாசம் 1600 தான் பஃபர். அதற்குத்தான் மினிமம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அதன் மேல் இன்னொரு 800 வைத்தால், எல்லாமே ஒரே சமயத்தில் மோசமாகப் போகும் நாளில்கூட 800 பேரிங் ரேக்கில் மிச்சம் இருக்கும். சாதாரண உபயோகத்தையும் சாதாரண லீட் டைமையும் பெருக்கி ரீஆர்டர் லெவல் போடுகிறவர்கள்தான் பஃபரைத் தனியாகக் கூட்ட வேண்டும். இரண்டில் ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள்.

ஓனரிடம் மினிமத்தை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: எல்லாம் ஒழுங்காக நடந்தால், புது லோடு வந்து இறங்கும்போது ரேக்கில் மிச்சம் இருப்பது 1600. ஒரு வருடமாக ஒவ்வொரு லோடும் வரும்போது கையிருப்பு எவ்வளவு என்று பின் கார்டில் பார்த்தால் அவருடைய முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். ஒரு தடவைகூட 1000-க்குக் கீழே போகவில்லை என்றால் அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு இரண்டு கேள்வி. அந்த 5 வாரம் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை? 240 வந்த வாரத்தில் ஏன் குறைந்தது?

பம்ப்செட்_ஸ்டோர்ஸ்

இண்டென்ட் எழுதின நாள்ல இருந்து ரேக்குல அடுக்குற வரைக்கும் கணக்குங்க. பி.ஓ. மெயில் போனதுல இருந்து லாரி வர்ற வரைக்கும் மட்டும் பார்த்தா அதிகபட்சம் 4 வாரம்தான். மீதி எங்க பக்கம்: ஓனர் கையெழுத்து, வந்த பிறகு இன்வேர்ட் இன்ஸ்பெக்‌ஷன். அவர் ஊர்ல இல்லைன்னா இது ஒரு வாரம் ஆகும்.

240 தீபாவளி வாரம். சரக்கு இல்லாம குறைஞ்சது இல்லை.

சிங்காநல்லூரான்

நல்லது, ரெண்டுமே சரியான பதில். பல இடங்களில் பி.ஓ. தேதியில் இருந்துதான் எண்ணுவார்கள். கணக்கு அழகாக வரும், சரக்கு தீர்ந்துபோகும். குறைந்தபட்ச உபயோகத்திலும் அப்படி ஒரு பொறி உண்டு. ரேக் காலியாக இருந்த வாரத்தில் 100 தான் இஷ்யூ ஆகியிருந்தால் அது உபயோகம் குறைந்ததல்ல, கொடுக்க இல்லை என்று அர்த்தம். அந்த வாரத்தை வரிசையில் விட்டு வைத்தால் சராசரியும் கெடும், மேக்சிமமும் கெடும். தீபாவளி வாரம் உண்மையான குறைவு, இருக்கட்டும்.

இப்போது ஓனருக்கு ஒரு கணக்கு. கையெழுத்துக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் ஆகிற ஒரு வாரத்தைத் துடைத்துவிட்டால் அதிகபட்ச லீட் டைம் 4. ரீஆர்டர் லெவல் 560 × 4 = 2240. ஒரு ரூபாய் செலவில்லாமல் 560 பேரிங் குறைகிறது. லெவல் தொட்டதும் அதே சப்ளையருக்கு அதே 2000-க்கு அவர் முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்து வைத்தால் இது நடக்கும். பணம் முடங்குகிறது என்று சொல்பவர், அதில் ஒரு பங்கு தன் மேசையில் முடங்குவதைப் பார்க்கட்டும்.

நெல்மூட்டை

பஃபர் ஸ்டாக் என்பது அரசு வைக்கிறது இல்லையா? இந்திய உணவுக் கழகத்துக்கு அளவை மத்திய அரசே நிர்ணயித்துத் தருகிறது. 2015-இல் திருத்தியபடி ஏப்ரல் 1-ஆம் தேதி 210.40 லட்சம் டன், ஜூலை 1-ஆம் தேதி 411.20 லட்சம் டன், அக்டோபர் 1-ஆம் தேதி 307.70, ஜனவரி 1-ஆம் தேதி 214.10. அரிசியும் கோதுமையும் சேர்த்து. இதில் எங்கே லீட் டைம் வருகிறது? பெருக்கல் கணக்கே இல்லாமல் நேரடியாக ஒரு எண்தானே.

சிங்காநல்லூரான்

இவர் கேட்பது ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸ் கணக்கு. அது வேறு. ஆனாலும் அந்த எண்களைப் பாருங்கள்: கோதுமைக்கு மட்டும் ஏப்ரலில் 74.60, ஜூலையில் 275.80. கோதுமைக் கொள்முதல் ஏப்ரலில் தொடங்குகிறது. அதில் வாங்கிச் சேர்த்ததுதான் அடுத்த அறுவடை வரை ஓட வேண்டும். அதாவது அங்கே அடுத்த லோடு வர ஒரு வருடம். எவ்வளவு நாள் கழித்து அடுத்தது வரும் என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது, எண்ணுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

பம்புக்கும் இதில் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். காலத்துக்கு ஏற்ப லெவல் மாற வேண்டும். கோடைக்கு முன்னால் ஓட்டம் கூடும், மழைக்காலத்தில் படுத்துவிடும். வருடம் முழுக்க ஒரே 2800 வைத்தால் ஐப்பசியில் வீணாகக் கிடக்கும். இரண்டு லெவல் வையுங்கள். கோடை லெவலுக்கு மாறும் நாள் ஓட்டம் கூடும் நாளல்ல. அதற்கு 5 வாரம் முன்னால்.

புள்ளிக்கோலம்

அதிகபட்சத்தை அதிகபட்சத்தால் பெருக்குவது பழைய கணக்கு. உச்ச உபயோகமும் உச்சத் தாமதமும் ஒன்றாக வருவது அபூர்வம். கடைசி பத்து ஆர்டரின் லீட் டைமைக் கொடுங்கள். வார உபயோகத்தின் திட்ட விலக்கமும் வேண்டும்.

பம்ப்செட்_ஸ்டோர்ஸ்

வாரக் கணக்குல: 3, 3, 2, 3, 3, 5, 3, 2, 3, 3. உபயோகத்துக்கு எக்செல்ல STDEV.S போட்டா 80 கிட்ட வருதுங்க.

புள்ளிக்கோலம்

லீட் டைம் சராசரி 3. விலக்க வர்க்கம் 0.667. இனி:

உபயோகம் ஏறி இறங்குவதால்: 3 × 80² = 19,200
தாமதம் ஏறி இறங்குவதால்: 400² × 0.667 = 1,06,720

கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 355. நூறில் 95 தடவை சரக்கு தீராமல் இருக்க 1.645-ஆல் பெருக்கினால் பஃபர் 584. ரீஆர்டர் லெவல் 1200 + 584 = 1784. உங்கள் 2800-க்கும் இதற்கும் ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

எக்செல்லில் C-யில் வார உபயோகம், H-இல் லீட் டைம் இருந்தால்:

```
=NORM.S.INV(0.95)*SQRT(AVERAGE(H2:H11)*VAR.S(C2:C53)+AVERAGE(C2:C53)^2*VAR.S(H2:H11))
```

அந்த இரண்டு வரியையும் ஓனரிடம் காட்டுங்கள். தாமதத்தால் வருவது உபயோகத்தால் வருவதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். பஃபரைக் குறைக்க வேண்டுமானால் புரொடக்‌ஷன் பிளானைத் திருத்துவதில் பெரிய பலன் இல்லை. சப்ளையர் சொன்ன தேதிக்கு வர வைப்பதில்தான் இருக்கிறது.

சிங்காநல்லூரான்

தாமதம்தான் பெரிய பங்கு என்பதை அப்படியே ஏற்கிறேன். 1784-ஐ ஏற்க முடியவில்லை.

பத்து ஆர்டரில் ஒன்று 5 வாரம். அந்த ஆர்டரின்போது உபயோகம் கூடக்கூட வேண்டாம், சாதாரண 400 ஓடினாலே 2000 வேண்டும். கையில் 1784. 216 பேரிங் குறைவு, 108 மோட்டார் நிற்கிறது. அதாவது நூறில் ஐந்து என்று நீங்கள் கணக்குப் போட்ட இடத்தில், இவர் டேட்டாவே நூறில் பத்து என்கிறது. மணி வடிவப் பரவல் என்று வைத்துக்கொண்டதால் வந்த வினை. இந்த லீட் டைம் மணி வடிவத்தில் இல்லை. டீலரிடம் சரக்கு இருந்தால் 2, 3 வாரம். இல்லையென்றால் கம்பெனியிலிருந்து வந்து 5 வாரம். நடுவில் 4 என்று ஒன்றுமே இல்லை, பாருங்கள்.

பேரிங் இல்லாவிட்டால் வைண்டிங் முடித்த ஸ்டேட்டர், மெஷினிங் முடித்த பாடி எல்லாம் அசெம்பிளி வாசலில் குவியும். விலை குறைந்த சாமான், நிறுத்தும் வேலை பெரியது. இதற்கு 95 போதாது.

புள்ளிக்கோலம்

பத்து ஆர்டரில் ஒரு 5-ஐ வைத்து நூறில் பத்து என்று சொல்வதும் அதிகம்தான். மாதிரி சின்னது. ஆனால் பரவல் பற்றிச் சொன்னது சரி. 98-க்கு ஏற்றினால் 2.054 × 355 = 729, லெவல் 1929. அப்போதும் 2000-ஐத் தொடவில்லை. சரி, உங்கள் பரிந்துரை என்ன? 2800 தானா?

சிங்காநல்லூரான்

2800-உம் இல்லை. அங்கே வேறு தப்பு. ஒரு வாரத்து உச்சம் 560 என்றால் ஐந்து வாரத்து உச்சம் 2800 என்று ஆகாது. ஒரு வாரம் முட்டி ஓடினால் அடுத்த வாரம் காஸ்டிங் இல்லாமலோ ஆள் இல்லாமலோ தணிந்துவிடும். நமக்கு வேண்டியது தொடர்ச்சியான எந்த ஐந்து வாரத்திலும் அதிகபட்சம் எவ்வளவு போனது என்பது. அது பின் கார்டிலேயே இருக்கிறது, பெருக்கவே வேண்டாம்.

D6-இல் இதைப் போட்டு D53 வரை இழுங்கள்:

```
=SUM(C2:C6)
```

பிறகு `=MAX(D6:D53)`. அதுதான் உங்கள் ரீஆர்டர் லெவல். மேக்சிமத்துக்கு இதே மாதிரி இரண்டிரண்டு வாரமாகக் கூட்டி மிகக் குறைந்ததை எடுங்கள். 240 × 2 என்று போடாதீர்கள், இரண்டு தீபாவளி அடுத்தடுத்து வராது. ஏதாவது பெரிய டெண்டர் ஒரு மாதத்தை மட்டும் தூக்கியிருந்தால் அந்த அளவைக் கழித்துவிட்டுக் கூட்டுங்கள். முன்கூட்டியே தெரிகிற ஆர்டருக்குத் தனியாக வாங்கலாம், பஃபர் அதற்காக அல்ல.

பம்ப்செட்_ஸ்டோர்ஸ்

போட்டுப் பார்த்துட்டேங்க. அஞ்சு வார அதிகபட்சம் 2310 (மார்ச்-ஏப்ரல்). ரெண்டு வாரக் குறைஞ்சது 540.

ரீஆர்டர் லெவல் 2310
மினிமம் 2310 − 1200 = 1110
மேக்சிமம் 2310 + 2000 − 540 = 3770

மினிமம் 490 குறையுது. பேரிங் ஒண்ணு 80 ரூபான்னு வெச்சா 39,200 ரூபா. ஓனர் இதுக்குத் தலையாட்டுவார்னு நினைக்கிறேன். பத்து ஆர்டர்ல வந்த அஞ்சு வாரமும் இதுல தாங்கும்.

சிங்காநல்லூரான்

இன்னொன்று, இதை விட்டால் சரியான லெவல் வைத்தும் சரக்கு தீரும். 2310-ஐ ரேக்கில் உள்ளதோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். கையிருப்பு, இன்னும் வராத ஆர்டர் இரண்டையும் கூட்டி ஒப்பிடுங்கள்.

உங்கள் பழைய 2800-ஐ வைத்தே பாருங்கள், எண் சுலபம். 2800-இல் 2000-க்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. மோசமான காலம், வாரம் 560 போகிறது. “ஒரு ஆர்டர் வெளியே இருக்கும்போது இன்னொன்று வேண்டாம்” என்று காத்திருந்தால், ஐந்தாவது வாரக் கடைசியில் ரேக் காலி, அப்போது 2000 வருகிறது. உடனே ஆர்டர் போட்டாலும் அது வர இன்னும் 5 வாரம் ஆகலாம், 2800 வேண்டும், 2000 தான் இருக்கிறது. லெவல் சரி, விதி தப்பு.

கூட்டிப் பார்த்தால், ரேக்கில் 800 ஆகும்போதே 800 + 2000 = 2800 என்று லெவல் தொட்டுவிடும். மூன்றரை வாரத்தில் இரண்டாவது ஆர்டர் போய்விடும். முதல் லோடு தீரும் நேரத்தில் இரண்டாவது வந்து நிற்கும். 2310-க்கு இதே கணக்கில் ரேக்கில் 310 ஆகும்போது. ரீஆர்டர் லெவல் ஆர்டர் அளவைவிடப் பெரிதாக இருக்கும் எந்தச் சாமானுக்கும் இது பொருந்தும்.

டேலி வைத்திருந்தால் `Reorder Status` ரிப்போர்ட் வராத பர்ச்சேஸ் ஆர்டரையும் சேர்த்துத்தான் காட்டும். ஆனால் ஆர்டரை அதில் என்ட்ரி போட்டிருக்க வேண்டும். போனில் சொல்லிவிட்டு பில் வந்த பிறகு ஏற்றினால் அந்த ரிப்போர்ட்டுக்கு ஒன்றும் தெரியாது.

வடமராட்சி

எங்கட பாமசிக்கும் இதே சூத்திரம்தான் போட்டுப் பாத்தனான், ஒரு அன்ரிபயோட்டிக் சிரப்புக்கு. மாசத்துக்குக் குறைஞ்சது 30 போத்தல், கூட எண்டால் 60. கொழும்பில இருந்து வர 1 மாசத்தில இருந்து 3 மாசம். ஒருக்கா எடுக்கிறது 120. ரீஓர்டர் 60 × 3 = 180. மேக்சிமம் 180 + 120 − 30 = 270. வாற போத்தலில காலாவதிக்கு 8 மாசம்தான் மிச்சம் இருக்கு. 270 சரிதானே?

சிங்காநல்லூரான்

சூத்திரத்துக்குச் சரி, மருந்துக்குத் தப்பு. மேக்சிமத்தைத் தொடுவது விற்பனை மந்தமான நேரத்தில். மாதம் 30 போனால் 270 தீர 9 மாதம். பழைய 150 முதலில் போகும், புது 120 கடைசியில். ஒன்பதாவது மாதத்தில் விற்க வேண்டிய 30 போத்தல் அதற்கு முன்பே காலாவதி.

அதனால் உங்கள் மேக்சிமத்துக்குக் கூரை 30 × 8 = 240. அந்தக் கூரையை ரீஆர்டர் லெவலைக் குறைத்துக் கொண்டுவராதீர்கள். அங்கே குறைத்தால் தாமதமாகும்போது மருந்தே இல்லாமல் போகும். ஆர்டர் அளவைக் குறையுங்கள்: 120-ஐ 90 ஆக்கினால் 180 + 90 − 30 = 240. முன்னால் காலாவதியாவது முன்னால் போகிறது என்பதை ரேக்கிலும் கடைப்பிடித்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

வடமராட்சி

90 தரமாட்டினம், பெட்டிக் கணக்கில 60 அல்லது 120 எண்டுதான் சொல்லுவினம். 60 எண்டு எடுத்தால் மேக்சிமம் 210, அது பரவாயில்லை. ஆனா மாசத்துக்கு 60 போற காலத்தில ஒவ்வொரு மாசமும் ஓர்டர் போடவேணும், லொறிக் கூலியும் ஒவ்வொருக்காலும். விநியோகிக்கிறவர் காலாவதிச் சரக்கைத் திருப்பி எடுக்கிறாரோ எண்டு கேட்டுப்போட்டு முடிவெடுக்கிறன்.

லெட்ஜர்

பேரிங்குக்குத் திரும்புகிறேன். பஃபரை இரண்டு தடவை சேர்த்தேன் என்பது புரிகிறது. ஆனால் 2310-இல் எனக்கு நிம்மதி இல்லை. அது போன வருடத்து மோசமான ஐந்து வாரம். இந்த வருடம் மழை பொய்த்து பம்ப் விற்பனை அதைவிடக் கூடினால்? 560 × 5 என்ற கணக்கு அதற்கும் இடம் வைத்திருந்தது. கூடுதல் 490 பேரிங் என்பது 40,000 ரூபாய்க்கும் குறைவு. ஒரு நாள் லைன் நின்றால் அதைவிடப் போகும்.

புள்ளிக்கோலம்

அப்படிப் பார்த்தால் 6203-க்கு மட்டும் 40,000. ஸ்டோர்ஸில் எத்தனை ஐட்டம்? எல்லாவற்றிலும் இப்படி இடம் வைத்தால் தொகை என்னவாகும் என்று ஓனர் அடுத்த கேள்வி கேட்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை D பத்தியைப் புதுப்பித்தால் போதும். உச்சம் ஏறினால் லெவலும் ஏறும்.

லெட்ஜர்

ஏறும், ஆனால் உச்சம் வந்து போன பிறகு.

பம்ப்செட்_ஸ்டோர்ஸ்

ரெண்டு பேர் சொல்றதும் யோசிக்க வேண்டியதுதாங்க. இப்போதைக்குக் கோடைக்கு 2310, மத்த மாசத்துக்குத் தனியா அஞ்சு வாரக் கூட்டல் போட்டு வர்றது. பேரிங், ஷாஃப்ட் சீல் மாதிரி இல்லைன்னா அசெம்பிளியே நிற்கிற சாமானுக்கு மட்டும் லெட்ஜர் சார் சொல்ற மாதிரி கொஞ்சம் கூட்டி வைக்கலாமான்னு கேட்கணும். பேக்கிங் அட்டைக்கு அது வேண்டாம், உள்ளூர்லயே ரெண்டு நாள்ல வாங்கிடலாம்.

முன்கூட்டியே ஒப்புதல் விஷயத்தை ஓனர்கிட்ட சொன்னேன். கையெழுத்தை விட மாட்டேங்கிறார், போன்ல சரின்னு சொல்றேன், அதை வெச்சு அனுப்புன்னு இறங்கி வந்திருக்கார். அதுல எவ்வளவு நாள் மிச்சம் ஆகுதுன்னு அடுத்த நாலஞ்சு ஆர்டர் பார்த்துட்டு நாலு வாரக் கூட்டலுக்கு மாறலாமான்னு இங்கேயே கேட்கிறேன்.